“ஏன் குறைச்சிருக்கீங்க, டேமேஜா?” தீபாவளிக்கு நின்ற சரக்குக்குப் பலகை எழுதுவது எப்படி

கேள்வி: வணக்கம் மேடம். திருமங்கலத்தில் பதினெட்டு வருடமாக ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். இந்தத் தீபாவளிக்கு எடுத்ததில் காட்டன் சேலை 64, சட்டை 110, பெண் குழந்தைகள் பட்டுப்பாவாடை செட் 85 நின்றுவிட்டது. எல்லாம் நல்ல சரக்கு. வாசலில் ‘பழைய ஸ்டாக் கிளியரன்ஸ், பாதி விலை’ என்று ஃப்ளெக்ஸ் வைத்தேன். வருகிறவர்கள் சேலையை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடுகிறார்கள், ‘என்ன டேமேஜா?’ என்கிறார்கள். ‘புது வரவு, அறிமுகச் சலுகை’ என்று மாற்றிவிடலாம், 890 ரூபாய் டேக்கை 1,500 ஆக்கிவிட்டு 50 சதவீதம் தள்ளுபடி என்று போடலாம், விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லில் அடித்துவிட்டால் பிரச்சினையே வராது என்கிறான் என் மகன். கேஸ், கீஸ் என்று வருமா? சரக்கு மட்டம் என்று நினைக்காதபடி எப்படித்தான் எழுதுவது?

பதில்: வணக்கம் சார். முதலில் அந்த ஃப்ளெக்ஸை இன்றைக்கே இறக்கிவிடுங்கள். கேஸ் வரும் என்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் நல்ல சரக்குக்கு நீங்களே கெட்ட பெயர் வைத்த பலகை அது. ‘பழைய ஸ்டாக்’ என்று படிக்கிறவருக்கு எத்தனை நாள் பழையது என்று தெரியாது. உங்களுக்கு அது ஆவணியிலோ புரட்டாசியிலோ எடுத்த சரக்கு. வாசலில் நிற்கிறவருக்கு அது மூன்று வருடம் மூட்டையில் கிடந்ததாகவும் இருக்கலாம். ‘கிளியரன்ஸ்’ என்றால் எப்படியாவது தொலைந்தால் சரி என்று கடைக்காரர் நினைப்பதாகப் படும். அதன்மேல் ‘பாதி விலை’ வேறு. நல்ல பொருளை எதற்குப் பாதிக்குக் கொடுக்கிறார் என்ற கேள்விக்கு உங்கள் பலகையில் பதில் இல்லை, அதனால் அவர்களே சேலையைத் தூக்கிப் பிடித்துப் பதில் தேடுகிறார்கள்.

என் அப்பா தெற்குமாசி வீதியில் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் போவேன், சார்ட் பேப்பரில் விலைப் பலகை எழுதிக் கொடுப்பேன். அந்த வயதிலிருந்து பார்க்கிறேன், ஆடித் தள்ளுபடிக்கு யாரும் ‘டேமேஜா’ என்று கேட்பதில்லை. ஆடியில் கல்யாணம் இல்லை, வியாபாரம் மந்தம், அதனால் விலை இறங்குகிறது என்று ஊருக்கே தெரியும். குறைக்கிற காரணம் காலண்டரிலேயே இருக்கிறது, துணியில் இல்லை. தீபாவளி முடிந்து மூன்று வாரத்தில் குறைத்தால் அப்படி ஊரறிந்த காரணம் எதுவும் கிடையாது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும். உங்களிடம் உண்மையான காரணமும் இருக்கிறது: சில நிறம்தான் பாக்கி, சில சைஸ்தான் பாக்கி, பொங்கல் சரக்கு இறங்க அலமாரி காலியாக வேண்டும். இந்த மூன்றில் எதுவும் துணியின் தரத்தைத் தொடவில்லை பாருங்கள்.

எழுதுவதற்கு முன்னால் பிரியுங்கள்

64, 110, 85 எல்லாவற்றையும் ஒரே பலகைக்குக் கீழே போட்டதுதான் சொல்லைவிடப் பெரிய தவறு. சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 110 சட்டையில் 40, 42 சைஸில், சாதாரணக் கோடும் கட்டமும் போட்டது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அவற்றில் தீபாவளி என்று எங்கேயும் எழுதியிருக்காது. கார்த்திகை முகூர்த்தத்துக்கும் பொங்கலுக்கும் அதே சட்டையைத்தான் கேட்டு வருவார்கள். அதையெல்லாம் முழு விலைக்கு வழக்கமான ரேக்கிலேயே திரும்ப மாட்டுங்கள். ‘தீபாவளி ஸ்பெஷல்’ என்று நீங்கள் ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தால் உரித்துவிடலாம், அதில் தவறில்லை. ஆனால் பெட்டியில் வரும் சட்டைகளில் கம்பெனி அச்சடித்த மாதம், வருடம், எம்.ஆர்.பி. இருக்கும், அதன்மேல் கை வைக்காதீர்கள். விலையைக் குறைத்துத் தனி ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனால் அது பழைய எம்.ஆர்.பி.யை மறைக்கக் கூடாது. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் இப்படித்தான் சொல்கின்றன. இதில் உங்களுக்கு நன்மையும் இருக்கிறது. மாதத்தை வாங்குகிறவரே படித்து, இது இந்த வருடச் சட்டைதான் என்று தெரிந்துகொள்வார்.

அடுத்தது, ‘எல்லாம் நல்ல சரக்கு’ என்று எழுதியிருக்கிறீர்களே, ஒருமுறை சோதித்துவிட்டீர்களா? கடைக்குள் டியூப் லைட்டில் பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு சேலையையும் காலை பத்து மணி வெளிச்சத்துக்கு வாசல் பக்கம் கொண்டுவந்து ஒரு மடிப்பு பிரித்து, வெளிமடிப்பின் நிறத்தையும் உள்மடிப்பின் நிறத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷோகேஸில் இருந்ததென்றால் வெளிமடிப்பு ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெளுத்திருக்கும், முக்கியமாக ஊதாவிலும் கரும்பச்சையிலும். பாவாடை செட்டில் ஜரிகை கறுத்திருக்கிறதா, இடுப்பு எலாஸ்டிக் இழுத்தால் திரும்பி வருகிறதா, ஜிப் ஓடுகிறதா என்று பாருங்கள். ஹேங்கரில் தொங்கியதில் தோள்பட்டைக் கோட்டில் தூசி படிந்திருக்கும், அது துடைத்தால் போகிறதா என்று பாருங்கள். 64 சேலையில் ஆறு அப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆறையும் கண்டிப்பாகத் தனியாக வையுங்கள். இருபது நல்ல சேலைக்கு நடுவில் ஒரு வெளுத்த சேலை கையில் அகப்பட்டால், அந்த அக்கா மற்ற இருபதையும் நம்ப மாட்டார்.

மகன் சொன்ன மூன்று யோசனைகள்

மகன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பல கடைகளில் பார்த்ததைச் சொல்கிறார். ஆனால் மூன்றுமே வேண்டாம்.

‘புது வரவு’ என்பது நேரான பொய். தீபாவளிக்கு அதே சேலையை உங்கள் கடையிலேயே பார்த்துவிட்டு எடுக்காமல் போனவர்கள்தான் இப்போது திரும்ப வருவார்கள், திருமங்கலம் அவ்வளவு பெரிய ஊர் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முறையற்ற வணிக நடைமுறை எது என்று 2(47) பிரிவில் பட்டியல் போடுகிறது. பழைய பொருளைப் புதியது என்று பொய்யாகக் காட்டுவதும் அதில் ஒன்று. உடுத்தாத சேலை அந்த அர்த்தத்தில் பழைய பொருள்தானா என்று உங்கள் பக்கம் நின்று நான் வாதாடலாம். வாதாட வேண்டிய இடத்துக்கு நீங்கள் ஏன் போக வேண்டும்?

890ஐ 1,500 ஆக்குவது அதைவிட ஆபத்து. என்னிடம் ஒருமுறை ஒரு அம்மா சேலையோடு வந்தார். வேறு ஊர்க் கடை. டேக்கில் 1,450 என்று ஸ்டிக்கர் இருந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பினார், கீழே 950 இருந்தது. தள்ளுபடி போக அவர் கொடுத்தது 870. உண்மையில் எண்பது ரூபாய் குறைவாகத்தான் வாங்கியிருக்கிறார், நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் அவருக்கு வந்த கோபம் பணத்துக்காக இல்லை. “என்னய முட்டாளுன்னு நெனச்சுட்டாகளா?” என்று கேட்டார். நோட்டீஸ் போனதும் கடைக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுத்து முடித்துக்கொண்டார். அந்தக் குடும்பம் இனி அந்தப் படி ஏறாது.

இதில் அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘முந்தைய விலை’ என்று சும்மா எழுதினால், சந்தையில் பொதுவாக அந்தப் பொருள் விற்கும் விலையைத்தான் நீங்கள் சொல்வதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்கள் கடை விலை என்று தெளிவாகக் குறிப்பிட்டால் மட்டுமே அது உங்கள் கடை விலை. அதனால் ‘எங்கள் கடைத் தீபாவளி விலை ரூ.890’ என்று முழுசாக எழுதுங்கள், அந்த விலைக்கு விற்ற நாலைந்து பில் நகலை ஒரு கவரில் போட்டு வையுங்கள். யாராவது 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தாலும் அந்தக் கவரே பதில் சொல்லும். கம்பெனிச் சட்டைப் பெட்டியில் எம்.ஆர்.பி.யைக் கூட்டி ஒட்டினால் அது எடையளவுச் சட்டத்தில் தனிக் குற்றம், அந்தப் பேச்சே வேண்டாம். எம்.ஆர்.பி. என்றால் வரியும் சேர்ந்ததுதான். அதில் தள்ளுபடி கொடுத்துவிட்டு, குறைத்த விலைமேல் ஜி.எஸ்.டி. தனியாகக் கூட்டுவதும் தகராறில்தான் போய் முடியும்.

மூன்றாவது, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’. இதை அடித்துவிட்டால் பாதுகாப்பு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதையும் அதே 2(47) முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் என்று எடுத்துக்கொள்ளும். தள்ளுபடியில் விற்றதற்கு இதில் விலக்கு கிடையாது. ஆனால் நிறம் பிடிக்கவில்லை, மாமியாருக்குப் பிடிக்கவில்லை என்பதற்கெல்லாம் மாற்றிக் கொடுக்கச் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை, அதை நீங்கள் மறுக்கலாம். ஆக பில்லில் இப்படி அடியுங்கள்: ‘இந்த விலையில் சைஸ், நிறம் மாற்றம் இல்லை. நெசவுக் குறை, தையல் குறை இருந்தால் 30 நாளுக்குள் பில்லுடன் வரவும்.’ இது உங்களைக் காப்பாற்றும். கூடவே, சரக்கில் குறை இல்லை என்று நீங்கள் நம்புவதையும் வாங்குகிறவருக்குச் சொல்லிவிடும். மட்டமான சரக்கை விற்கிறவர் இந்த இரண்டாவது வாக்கியத்தை எழுத மாட்டார்.

பலகையில் என்ன எழுதுவது

சேலைக்கு ஒன்று, பாவாடை செட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதுங்கள். சேலைக்கு நான் எழுதினால் இப்படி:

‘இந்தத் தீபாவளிக்கு எடுத்த காட்டன் சேலைகள். 6 நிறங்கள், 58 சேலைகள் மட்டும். எங்கள் கடைத் தீபாவளி விலை ரூ.890, இப்போது ரூ.690. பொங்கல் சரக்குக்கு இடம் வேண்டும். பிரித்துப் பார்த்து எடுங்கள். டிசம்பர் 15 வரை.’

இதில் ‘மிச்சம்’ இல்லை, ‘விற்காத’ இல்லை, ‘கழிவு’ இல்லை. கழிவு என்ற சொல் கணக்குப் பேச்சில் தள்ளுபடிதான், ஆனால் பலகையில் படிக்கிறவர் கண்ணுக்குக் குப்பைதான் தெரியும். மிச்சம் என்றாலே தட்டில் வைத்துவிட்டுப் போனதுதான் ஞாபகம் வரும். ‘விற்காத’ என்றால், யாருக்கும் பிடிக்காததை என் தலையில் கட்டுகிறார் என்று தோன்றும். ‘தீபாவளிக்கு எடுத்த’ என்னும்போது, நீங்கள் பார்த்துத் தேர்ந்தெடுத்தது என்ற அர்த்தம் வருகிறது. சரக்கு எப்போது வந்தது என்ற உண்மையும் மறையவில்லை. ‘டேமேஜ் இல்லை’, ‘தரத்தில் குறைவில்லை’ என்றும் எழுதாதீர்கள். அதுவரை அப்படி நினைக்காதவருக்கும் நீங்களே எடுத்துக்கொடுத்தது போல ஆகிவிடும். ‘பிரித்துப் பார்த்து எடுங்கள்’ என்ற மூன்று சொல் அந்த வேலையைச் செய்யும், ஒளிக்க ஒன்றுமில்லாதவர்தான் அப்படிச் சொல்வார்.

பாதி விலை என்றால் 445. கொள்முதல் 560 என்று வைத்துக்கொண்டால், ஒரு சேலைக்கு 115 ரூபாய் கையிலிருந்து போட்டு, சந்தேகத்தையும் விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள். 690க்கு விற்றால் 130 ரூபாய் நிற்கிறது. 22 சதவீதம் என்று எழுதினால் சின்னதாகத் தெரியும், எழுத வேண்டாம். 890, 690 என்று இரண்டு எண்ணையும் பக்கத்தில் போட்டால் இருநூறு ரூபாய் குறைவு என்று எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சியும் சொல்லிவிடுவார். ‘50% வரை’ என்று போட்டு ‘வரை’யைக் கடுகு அளவில் எழுதுவதையும் தவிர்த்துவிடுங்கள். தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூனில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள், நிபந்தனையைப் படிக்க முடியாத எழுத்தில் ஒளிப்பதை ஏற்பதில்லை. இருப்பு குறைவு என்றால் அதையும் விளம்பரத்திலேயே சொல்லச் சொல்கின்றன. 58 என்று எண்ணைப் போடுவதும் அதற்காகத்தான். தினமும் சாயங்காலம் அழித்துத் திருத்துங்கள், ஃப்ளெக்ஸுக்குப் பதில் மார்க்கர் பலகை வைத்துக்கொண்டால் சுலபம்.

அப்புறம் ஒன்று. கூட்டம் வருகிறதே என்று, தள்ளுபடிக்கென்றே மலிவாக வரும் சரக்கை வாங்கி இந்த அடுக்கில் கலந்துவிடாதீர்கள். அது 890க்கு உங்கள் கடையில் ஒருநாளும் விற்றதில்லை, பலகை முழுவதும் அப்போதே பொய்யாகிவிடும்.

பாவாடை செட்டில் காரணம் இன்னும் சுலபமாகச் சொல்லலாம். 22, 24, 26 சைஸ் முதல் வாரத்திலேயே போயிருக்கும், 16, 18, 34, 36தான் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். ‘பட்டுப்பாவாடை செட், 16, 18, 34, 36 சைஸ் மட்டும் இருக்கிறது, அதனால் ரூ.1,250 செட் இப்போது ரூ.900. உங்கள் குழந்தை அளவு இதில் இருந்தால் உள்ளே வாருங்கள்’ என்று எழுதுங்கள். 1,250க்கு முன்னால் ‘எங்கள் கடைத் தீபாவளி விலை’ என்பதைச் சேர்க்க மறக்க வேண்டாம். படிக்கிற தாய்க்கு விலை ஏன் இறங்கியது என்று உடனே புரியும். பாப்பாவுக்கு 18 சைஸ் வேண்டியவருக்கு இது அவருக்கென்றே வைத்த விலை மாதிரி இருக்கும். நின்றிருக்கும் 38, 44 சைஸ் சட்டைக்கும் இதே வாசகத்தை மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

தனியாக வைத்த அந்த ஆறு சேலைக்கு ‘சிறு குறை உள்ளவை’ என்று ஒரு அட்டை. ஒவ்வொன்றிலும் என்ன குறை என்று சீட்டில் எழுதிக் குத்துங்கள்: ‘வெளிமடிப்பு லேசாக வெளுத்தது’, ‘முந்தானையில் ஒரு இழை விட்டது’. பில்லிலும் அதே வார்த்தை இருக்கட்டும், நாளைக்கு அதே குறையைச் சொல்லித் திரும்பி வந்தால் நீங்கள் முன்பே சொன்னதற்குச் சான்று அதுதான். 400, 450க்குக் கொடுங்கள், வீட்டில் உடுத்த எடுத்துக்கொள்வார்கள். இந்தச் சின்ன அடுக்கு பக்கத்தில் இருப்பதால் 58 சேலைக்கும் மதிப்பு கூடும். குறை இருந்தால் இந்தக் கடைக்காரர் எழுதிவிடுவார் என்று கண்ணால் பார்க்கிறார்கள் இல்லையா.

கவுன்டரில் நிற்கிறவர் என்ன சொல்கிறார்

பலகையை எவ்வளவு பார்த்து எழுதினாலும் கடைப் பையன் ஒரே வார்த்தையில் கெடுத்துவிடுவான். “அது பழைய ஸ்டாக்குக்கா, அதான் கம்மி” என்று வாய் தவறி வந்துவிடும். நாளை காலை கடை திறந்ததும் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு பதிலைச் சொல்லிக்கொடுங்கள். ‘டேமேஜா?’ என்று கேட்டால், “இல்லக்கா, தீபாவளிக்கு எடுத்தது, இந்த ஆறு கலர்தான் இருக்கு, பொங்கலுக்குச் சரக்கு எறங்குது, அதான் எறக்கிருக்கோம். விரிச்சுப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டே சேலையை விரிக்க வேண்டும். சொல்லிவிட்டு விரிக்காமல் நின்றால் பிரயோசனம் இல்லை.

போன மாதம் 890 கொடுத்து எடுத்தவர் வந்து கேட்பார், அதற்கும் தயாராக இருங்கள். “அப்ப இருபத்துநாலு கலர் இருந்துச்சுண்ணே, நீங்க மொதல்ல வந்து பிடிச்சத எடுத்தீங்க, இப்ப நின்னது மட்டும்தான் இந்த விலை” என்றால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். வழக்கமான வாடிக்கையாளர் ரொம்ப வருத்தப்பட்டால் அடுத்த பில்லில் ஏதாவது குறைத்துக் கொடுங்கள். பழைய பில்லைத் திருத்த வேண்டாம்.

டிசம்பர் 15 என்று எழுதினால் 15ஆம் தேதி ராத்திரி பலகையை இறக்கிவிட வேண்டும். ‘கூட்டத்தின் காரணமாக நீட்டிப்பு’ என்று ஒட்டினால் முதலில் போட்ட தேதி சும்மா போட்டது என்று ஆகிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. ஜனவரி பிறந்துவிட்டால் ‘இந்தத் தீபாவளி’ என்பது ‘போன வருஷத் தீபாவளி’ ஆகிவிடும், சொல்லிலேயே ஒரு வயது கூடிவிடும். அதற்குள் போகாத பத்துப் பதினைந்து உருப்படியை மடிப்பை மாற்றி மடித்து, வெள்ளைத் துணியில் சுற்றி, அந்துருண்டை ஜரிகையில் படாமல் எடுத்து வைத்துவிடுங்கள். ஆடியில் ஊரே குறைக்கும்போது இவற்றையும் எடுத்துப் போடலாம், ஆனால் அப்போதும் முதலில் வாசல் வெளிச்சத்தில் மடிப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு.